ஒரே படம், இரண்டு எடிட்டர்கள், பொதுவான கிளவுட் ஃபோல்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் தோழி ஒருவரும் ஆவணப்படங்களைச் சேர்ந்து எடிட் செய்கிறோம். இருவரும் வேறு வேறு வீட்டில் இருந்து, ஒரே கிளவுட் ஃபோல்டரை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் பிரீமியர் ப்ரோவில்தான் வேலை. இதே மாதிரி ஆரம்பிக்கிற நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை.

இரண்டு பேரும் ஒரே புராஜெக்ட் ஃபைலைத் திறந்து ஆளுக்குப் பாதி எடிட் செய்தால் கிளவுட் தானாகச் சேர்த்துவிடாதா?

சேர்க்காது. ஆன்லைன் ஆவணத்தில் இருவர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்வதைப் பார்த்துப் பழகியதால் இந்த எதிர்பார்ப்பு வருகிறது. அங்கே யார் எந்த இடத்தில் எந்த எழுத்தைச் சேர்த்தார்கள் என்பது சர்வருக்குத் தெரியும். எடிட்டிங் புராஜெக்ட் ஃபைல் அப்படி இல்லை. நீங்கள் ஒரு கிளிப்பை ஒரு ஃப்ரேம் நகர்த்திவிட்டு சேவ் செய்தாலும் ஃபைல் முழுவதும் புதிதாக எழுதப்படுகிறது. கிளவுடுக்குத் தெரிவது ‘இந்த ஃபைல் மாறிவிட்டது’ என்பது மட்டுமே. உள்ளே என்ன மாறியது என்று அது பார்ப்பதில்லை.

பிரீமியரின் புராஜெக்ட் ஃபைலான `.prproj`-ஐப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது சுருக்கி வைத்த எக்ஸ்எம்எல் எழுத்துதான். அதனால் புரோகிராமர் நண்பர்கள் ‘அப்போ இரண்டையும் ஒப்பிட்டு மெர்ஜ் செய்துவிடலாமே’ என்பார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கிளிப்பும் எண்களால் மற்றவற்றோடு பின்னப்பட்டிருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக மாற்றிய ஃபைல்களில் அந்த எண்கள் ஒத்துப்போகாது. நான் ஒரு முறை முயன்று பார்த்தேன், ஃபைல் திறக்கவே இல்லை.

சில சமயம் ‘conflicted copy’ என்று இன்னொரு ஃபைல் வருகிறது. சில சமயம் எதுவுமே வராமல் செய்த வேலை காணாமல் போகிறது. ஏன் இந்த வித்தியாசம்?

இரண்டும் வேறு வேறு விபத்துகள். முதலாவதில் சத்தம் வரும், இரண்டாவதில் வராது.

ஒரே பழைய பதிப்பிலிருந்து கிளம்பி, ஒருவர் சேவ் செய்தது மற்றவர் கணினிக்கு வந்து சேரும் முன்பே அவரும் சேவ் செய்துவிட்டால் அதுதான் முதல் வகை. சிங்க் செய்யும் செயலி இரண்டு புதிய பதிப்புகளைப் பார்க்கிறது. எது சரி என்று தெரியாமல் இரண்டையும் வைத்துக்கொள்கிறது. ட்ராப்பாக்ஸ் பெயரில் ‘conflicted copy’ என்று சேர்க்கும், ஒன்டிரைவ் கணினியின் பெயரைச் சேர்க்கும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் யாருடைய வேலையும் தொலையவில்லை.

இரண்டாவது வகை எனக்கே நடந்தது. காலை 10 மணிக்கு நான் படத்தின் இரண்டாவது பகுதியான ரீல் 2-இன் புராஜெக்ட்டைத் திறந்தேன், ஒரு போன் வந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். தோழி 10:15க்கு அதே ஃபைலைத் திறந்து, ஒரு நீளமான பேட்டியை வெட்டிச் செதுக்கி, 1 மணிக்கு சேவ் செய்து மூடினார். அடுத்த நிமிடமே அவருடைய ஃபைல் என் கணினியின் வட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் என் திரையில் திறந்திருந்ததோ 10 மணி பதிப்பு. எடிட்டிங் மென்பொருள் புராஜெக்ட்டைத் திறக்கும்போது மெமரிக்குள் ஏற்றிக்கொள்கிறது, வட்டில் பின்னால் மாறியதை அது கண்டுகொள்ளவில்லை. 2:30க்கு வந்து ஒரே ஒரு டைட்டிலைக் கொஞ்சம் கீழே இறக்கி `Ctrl+S` அழுத்தினேன்.

இதைச் சிங்க் செயலியின் பக்கத்திலிருந்து பாருங்கள். கடைசியாக வந்த பதிப்பு என் கணினியில் இருக்கிறது. அதற்குப் பிறகு அதே கணினியில் அதே ஃபைல் மாறியிருக்கிறது. மோதலே இல்லை, ஒழுங்காக வந்த அடுத்த பதிப்பு. சரி என்று மேலே ஏற்றிவிட்டது. அந்தப் பதிப்பில் இருந்தது காலை 10 மணி நிலவரமும் ஒரு டைட்டில் மாற்றமும். தோழியின் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அதில் இல்லை. அவர் மாலையில் திறந்து ‘என்னுடைய கட் எங்கே?’ என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஆகவே ‘conflicted copy எதுவும் வரவில்லை, அப்போ பிரச்சினை இல்லை’ என்று நினைக்க வேண்டாம். ஆபத்தானது பெரும்பாலும் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும் புராஜெக்ட்தான்.

அப்படியானால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாமா? காலையில் ஒருவர், மாலையில் ஒருவர்?

நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம், மேலே சொன்ன விபத்தும் அந்த ஏற்பாட்டில்தான் நடந்தது. நேரத்தைப் பிரித்தால் யாராவது ஒருவர் மூட மறப்பார், அல்லது ‘ஒரே ஒரு சின்னத் திருத்தம்’ என்று நடுவில் நுழைவார். நேரத்தை விட்டுவிட்டு ஃபைலைப் பிரியுங்கள். எந்த ஒரு ஃபைலுக்கும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு சொந்தக்காரர். மற்றவர் அதைத் திறந்து பார்க்கலாம், ஆனால் அந்தப் பெயரில் சேவ் செய்யக்கூடாது.

ஃபைலைப் பிரிப்பது என்றால் நடைமுறையில் எப்படி?

ஒரு 36 நிமிடப் படத்தை எடுத்துக்கொள்வோம். அதைத் தோராயமாக 12 நிமிடம் கொண்ட மூன்று ரீல்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு ரீலுக்கும் தனிப் புராஜெக்ட் ஃபைல். முதலும் மூன்றும் என்னுடையவை (A), இரண்டாவது தோழியுடையது (B). மூன்றையும் கோர்க்க MASTER என்று நான்காவது ஒன்று, அதற்கும் ஒரே சொந்தக்காரர்தான்.

```
FILM/
  01_PROXY/
  02_MUSIC_GFX/
  03_PROJECTS/
    A/  R1_A_v07.prproj   R3_A_v03.prproj
    B/  R2_B_v11.prproj
    MASTER/  MASTER_A_v04.prproj
```

ஃபைல் பெயரிலேயே ரீல், ஆள், பதிப்பு எண் மூன்றும் இருக்கின்றன. தினமும் வேலையைத் தொடங்கும்போது `Save As` போட்டு எண்ணை ஒன்று கூட்டிவிடுவோம். `R2_B_v11` என்ற பெயரில் நான் சேவ் செய்யப் போனால் அந்த B என்ற எழுத்தே என் கையைப் பிடிக்கும். யாரும் `final`, `final_new` என்று பெயர் வைக்கக்கூடாது என்பது எங்களுக்குள் கறாரான விதி. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கும் தெரியும்.

ரீலை எங்கே வெட்டுவது என்பதில்தான் யோசனை வேண்டும். சரியாக 12:00 என்று கணக்குப் பார்த்து வெட்டினால் ஒரு பேட்டியின் நடுவில் போய் நிற்கும். அப்புறம் அந்த வாக்கியத்தின் முன்பாதி என்னிடம், பின்பாதி அவரிடம். அவர் இரண்டு ஃப்ரேம் இழுத்தால் என் பக்கம் இடிக்கும். திரை கறுப்பாகும் இடம், புதிய அத்தியாயம் தொடங்கும் இடம், இசையும் சூழல் ஒலியும் ஓயும் இடம் இப்படி ஒன்றைத் தேடுங்கள். ஒரு ரீல் 10 நிமிடமும் இன்னொன்று 14 நிமிடமுமாக வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எல்லையைத் தாண்டித்தான் இசை ஓட வேண்டும் என்றால், அந்த ஒரு டிராக்கை மட்டும் ரீல்களில் வைக்காமல் MASTER-இல் வையுங்கள்.

பிரித்ததை மறுபடி ஒன்று சேர்ப்பது எப்படி?

MASTER புராஜெக்ட்டைத் திறந்து, `File > Import` வழியாக மற்றவரின் `.prproj` ஃபைலைத் தேர்ந்தெடுங்கள். முழுப் புராஜெக்ட்டும் வேண்டுமா, குறிப்பிட்ட சீக்வென்ஸ் மட்டும் போதுமா என்று கேட்கும். சீக்வென்ஸ் மட்டும் போதும் என்று சொல்லி R2-வை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் மூலப் புராஜெக்ட்டுக்கு எந்த மாற்றமும் நடக்காது என்பதால் அவர் அந்த நேரத்தில் அதில் வேலை செய்துகொண்டிருந்தாலும் பரவாயில்லை. அவர் கடைசியாக சேவ் செய்து, உங்கள் கணினிக்கு வந்து சேர்ந்த நிலைதான் உங்களுக்குக் கிடைக்கும், அவ்வளவே.

இப்படி நாலைந்து முறை இறக்குமதி செய்ததும் கிளிப்களை அடுக்கி வைக்கும் `Bin`-இல் ஒரே கிளிப் பலமுறை தெரியும். `Edit > Consolidate Duplicates` போட்டால் பெரும்பாலானவை ஒன்றாகிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. MASTER-க்குள் வந்த R2 வெறும் பிரதிதான். தோழி தன் ஃபைலில் அடுத்து செய்யும் மாற்றம் தானாக இங்கே வராது. அது தெரியும் என்பதால் படம் முடியும் நேரத்தில், MASTER-இல் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு கட் உறுத்தினால், அங்கேயே சரிசெய்துவிடக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். மறுநாள் அவர் R2-வின் புதிய பதிப்பைத் தருவார், நீங்கள் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவீர்கள், உங்கள் திருத்தம் அதோடு போய்விடும். இதுவும் மேலெழுதல்தான், கிளவுடுக்கு இதில் சம்பந்தமே இல்லை. எங்கள் வழக்கம் இதுதான்: MASTER-இல் குறை கண்டால் நேரக்குறியோடு எழுதி ரீலின் சொந்தக்காரருக்கு அனுப்புவது. ‘R2, 07:14, மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறது’ என்ற அளவுக்கு.

ஒரு ரீலை முடித்துவிட்டு மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். எப்படி?

கொடுப்பவர் சேவ் செய்து, புராஜெக்ட்டை மூடி, சிங்க் முடிந்தது என்ற பச்சை அடையாளம் வரும்வரை கணினியை அணைக்காமல் இருக்க வேண்டும். பிறகு மெசேஜில் ஃபைல் பெயரை முழுதாக எழுதி அனுப்ப வேண்டும்: ‘R2_B_v11 மூடியாச்சு, உங்களுடையது.’ வாங்குபவர் தன் கணினியில் அதே பெயர், அதே நேரம், அதே அளவில் ஃபைல் வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திறந்த உடனே `R2_A_v12` என்று தன் ஃபோல்டரில் `Save As` செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் முதல் கட். v11 அப்படியே கிடக்கட்டும்.

பெயரை முழுதாக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ‘ரீல் 2 ஏத்திட்டேன்’ என்று மட்டும் சொன்னால், சிங்க் பாதியில் நின்றிருந்தால்கூட எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியாது, v10-ஐத் திறந்து உட்கார்ந்துவிடுவார்.

இன்னொன்று. யாரிடம் எது இருக்கிறது என்று குறித்துவைக்க நாங்கள் அதே ஃபோல்டரில் ஒரு `LOG.txt` வைத்தோம். ஒரு வாரத்தில் அந்த ஃபைலுக்கே conflicted copy வந்தது! அதன்பிறகு அந்தக் குறிப்பை மட்டும் ஆன்லைன் ஆவணத்துக்கு மாற்றிவிட்டோம்.

பிரீமியரிலேயே புராஜெக்ட்டைப் பூட்டும் வசதி இருக்கிறதே, அதைப் போட்டால் போதாதா?

போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். அமைப்புகளில் `Collaboration` பகுதியில் `Enable project locking` என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டு ஒருவர் புராஜெக்ட்டைத் திறந்தால், பக்கத்தில் `.prlock` என்ற ஒரு குட்டி ஃபைல் உருவாகும். மற்றவர் திறக்கும்போது அது இருந்தால், படிக்க மட்டும்தான் அனுமதி கிடைக்கும்.

இருவரும் ஒரே அலுவலகத்தில் ஒரே சர்வரோடு இணைந்திருந்தால் இது கச்சிதம், ஏனென்றால் அந்தக் குட்டி ஃபைல் உருவான நொடியே இருவர் கண்ணுக்கும் தெரியும். சிங்க் ஆகும் கிளவுடில் அதுவும் மற்ற ஃபைல்களைப் போல மேலே ஏறி, கீழே இறங்கித்தான் வர வேண்டும். இணையம் நன்றாக இருந்தால் சில நொடிகள். வரிசையில் அதற்கு முன் பெரிய வீடியோ ஃபைல்கள் நின்றாலோ, ஒருவருடைய இணையம் துண்டித்திருந்தாலோ, சிங்க்கை நிறுத்தி வைத்திருந்தாலோ, பூட்டு வரும்முன்பே அவர் உள்ளே நுழைந்திருப்பார். மென்பொருள் பாதியில் செயலிழந்தால் எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு: யாருமே திறக்காத ஃபைலுக்குப் பழைய பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது மற்றவரிடம் போனில் கேட்டு உறுதிசெய்துகொண்டு `.prlock`-ஐ அழிக்கலாம். கேட்காமல் அழிக்காதீர்கள்.

ஃபுட்டேஜ் முழுவதையும் கிளவுடில் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்கிறது, மொத்தம் 10 மணி நேர ஃபுட்டேஜ். அது 450 ஜிபி. உங்கள் அப்லோட் வேகம் 20 மெகாபிட் என்றால், இடைவிடாமல் ஏற்றினாலும் 50 மணி நேரம். அதே ஃபுட்டேஜுக்கு, எடிட் செய்ய மட்டும் பயன்படும் எடை குறைந்த பிரதியான ப்ராக்ஸியை நொடிக்கு 5 மெகாபிட்டில் எடுத்தால் 22.5 ஜிபி, இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும்.

அசல் ஃபுட்டேஜை ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து நேரில் கொடுத்துவிடுவோம், ப்ராக்ஸியும் புராஜெக்ட்டும் இசையும் மட்டும் கிளவுடில். மேலெழுதலுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. வரிசையில் 450 ஜிபி நிற்கும்போது 30 எம்பி புராஜெக்ட் ஃபைல் எப்போது போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சிங்க் தாமதமாகிற அளவுக்கு மோதலுக்கான இடைவெளியும் நீள்கிறது.

இதே காரணத்துக்காகப் பிரிவ்யூ ஃபைல்களையும் வெளியே எடுத்துவிடுங்கள். `File > Project Settings > Scratch Disks` போனால் `Same as Project` என்றுதான் இருக்கும், அதாவது நீங்கள் ரெண்டர் செய்யும் ஒவ்வொரு பிரிவ்யூவும் கிளவுடுக்கு ஏறும். அதை உங்கள் கணினியில் வேறு ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். `Auto-Save`-ஐயும் அங்கேயே வைத்தால், கிளவுட் ஃபோல்டருக்கு என்ன நடந்தாலும் கையில் ஒரு தனிப் பிரதி இருக்கும்.

என் கணினியில் சரியாகத் திறக்கும் புராஜெக்ட் அவரிடம் போனால் எல்லாக் கிளிப்பும் ‘Media Offline’ என்கிறது.

ஃபைலின் முழுப் பாதைதான் காரணம். உங்கள் கணினியில் ஃபோல்டர் உங்கள் பயனர் பெயருக்குக் கீழே இருக்கும், அவருடையதில் அவர் பெயருக்குக் கீழே. இருவரும் விண்டோஸ் என்றால் இரண்டிலும் ஒரே டிரைவ் எழுத்தைக் கொடுத்துவிடலாம்:

```
subst P: "C:\Users\user1\Dropbox\FILM"
```

அவரவர் பாதையைப் போட்டு இருவரும் இதை ஓட்டியபின், `P:` வழியாகவே ஃபைல்களை இறக்குமதி செய்ய வேண்டும். கணினியை மறுபடி இயக்கினால் இது போய்விடும், அதனால் தொடக்கத்திலேயே ஓடும்படி ஒரு `.bat` ஃபைலில் போட்டு வையுங்கள். ஒருவர் மேக், ஒருவர் விண்டோஸ் என்றால் இது நடக்காது. ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும் `Link Media` செய்ய வேண்டியதுதான். முதல் கிளிப்பைக் காட்டினால், ஃபோல்டர் அமைப்பு ஒன்றாக இருக்கும்வரை மீதியை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

டாவின்சி ரிசால்வில் வேலை செய்கிறோம். இதே முறைதானா?

பிரிப்பது இதே முறை, சேமிப்பது வேறு. ரிசால்வ் புராஜெக்ட்டைத் தனி ஃபைலாக வைக்காமல் புராஜெக்ட் லைப்ரரி என்ற டேட்டாபேஸுக்குள் வைக்கிறது. அந்த லைப்ரரி ஃபோல்டரைத் தூக்கி ட்ராப்பாக்ஸிலோ கூகுள் டிரைவிலோ போட்டுவிடாதீர்கள். பாதி சிங்க் ஆன டேட்டாபேஸை மற்றவர் திறந்தால் மொத்தமும் கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. லைப்ரரி அவரவர் கணினியில் இருக்கட்டும், முடித்த டைம்லைனை `.drt` ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து அதை மட்டும் பொது ஃபோல்டரில் வையுங்கள். உண்மையிலேயே இருவரும் ஒரே புராஜெக்ட்டில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்றால், 2022இல் ரிசால்வ் 18-உடன் வந்த பிளாக்மேஜிக் கிளவுட் அதற்காகவே செய்யப்பட்டது. அங்கே `Bin`-க்கும் டைம்லைனுக்கும் தனித்தனிப் பூட்டு உண்டு.

ஏற்கெனவே மேலெழுதிவிட்டோம். மீட்க வழி உண்டா?

பெரும்பாலும் உண்டு, ஆனால் முதலில் இருவரும் அந்தப் புராஜெக்ட்டை மூடுங்கள். பதற்றத்தில் மறுபடி மறுபடி சேவ் செய்வதுதான் நிலைமையைக் குழப்பும்.

பிறகு கிளவுடின் இணையதளத்தில் போய் அந்த ஃபைலின் பதிப்பு வரலாற்றைத் திறங்கள். கூகுள் டிரைவ் இதுபோன்ற ஃபைல்களின் பழைய பதிப்புகளை 30 நாள் வரை அல்லது 100 பதிப்புகள் வரை வைத்திருக்கும். ட்ராப்பாக்ஸின் அடிப்படைத் திட்டத்திலும் 30 நாள் உண்டு. எங்கள் விபத்தில் அந்தப் பட்டியலைப் பார்த்ததுமே கதை புரிந்துவிட்டது: 1 மணிக்குத் தோழியின் பெயரில் ஒரு பதிப்பு, அதன்மேல் 2:30க்கு என் பெயரில் ஒன்று, என்னுடையது அளவில் சிறியது. வேலை கூடக் கூட ஃபைலும் பெருக வேண்டியது, அது குறைந்திருந்தால் சந்தேகப்படலாம்.

அங்கே ‘Restore’ பொத்தானை அழுத்தத் தோன்றும். அதை அழுத்தினால் இப்போதிருக்கும் பதிப்பு பின்னுக்குப் போய், நான் செய்த டைட்டில் மாற்றம் கண்ணிலிருந்து மறையும். அதைவிட, 1 மணிப் பதிப்பைத் தனியாக டவுன்லோட் செய்து `R2_B_v11_rescue.prproj` என்று பெயர் வைப்பது நல்லது. இருவரில் யாருடைய வேலை அதிகமோ அவருடைய பதிப்பை அடிப்படையாக வைத்து, மற்றவருடையதிலிருந்து சீக்வென்ஸை மட்டும் இறக்குமதி செய்து, இரண்டையும் அடுத்தடுத்த டேப்களில் திறந்து, இல்லாததைக் கையால் நகலெடுத்து ஒட்ட வேண்டும். conflicted copy வந்தாலும் இதே வேலைதான். எங்களுக்கு ஒட்ட வேண்டியிருந்தது ஒரே ஒரு டைட்டில், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பழைய பதிப்புகள் எதையும் அந்த வாரம் முடியும்வரை அழிக்கவில்லை.